பிசிஏஏ, குளூட்டமின் இரண்டையும் வாங்கச் சொல்கிறார்கள்: சாப்பாட்டில் இல்லாத எது அந்த டப்பாவில் இருக்கிறது?

தென்காசி முருகு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் வயது 27, எடை 64 கிலோ. பத்து மாதங்களாக வாரத்தில் நான்கு நாள் மாலை உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்று வருகிறேன். முதல் ஆறு மாதம் தூக்கும் எடை நன்றாகக் கூடிக்கொண்டு வந்தது. அதன் பிறகு ஸ்குவாட் 70 கிலோவிலேயே நின்றுவிட்டது. உடல் எடையும் அசையவில்லை. தசை மீள்வதற்கு வேண்டிய அமினோ அமிலம் என் உடலில் இல்லை என்று பயிற்சியாளர் சொன்னார். பயிற்சியின்போது மூன்று அமினோ அமிலங்கள் கலந்த பிசிஏஏ, இரவில் இன்னோர் அமினோ அமிலமான குளூட்டமின் என இரண்டு டப்பாக்களை வாங்கச் சொன்னார். இரண்டுக்கும் சேர்த்து மாதம் 3,200 ரூபாய் ஆகிறது.

பிசிஏஏ ஒரு டப்பா வாங்கி முடித்துவிட்டேன். ஒரு ஸ்கூப்பில் லியூசின் 2.5 கிராம், ஐசோலியூசினும் வாலினும் தலா 1.25 கிராம் என்று லேபிளில் போட்டிருந்தது. மாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. குளூட்டமினையும் சேர்த்தால்தான் பலன் வரும் என்கிறார்கள். வாங்குவதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

என் சாப்பாடு இதுதான்: காலையில் நான்கு இட்லி, சாம்பார். மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், ஒரு கரண்டி தயிர். மாலையில் டீயும் பிஸ்கட்டும். இரவில் மூன்று சப்பாத்தியும் குருமாவும். வீட்டில் முட்டை புழங்குவதில்லை. பால், தயிர் உண்டு.

பளுதூக்கி

நண்பரே, உங்கள் பயிற்சியாளர் சொன்னது சரிதான். தசை கட்டும் வேலையைத் தொடங்கி வைப்பது லியூசின். அது இரத்தத்தில் ஏறினால்தான் தசை செல் விழித்துக்கொள்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு 5.6 கிராம் பிசிஏஏ கொடுத்துப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் பானம் குடித்தவர்களைவிட இவர்களுக்குத் தசைப் புரதம் உருவாகும் வேகம் 22 சதவீதம் கூடியிருந்தது. இது விளம்பர வாசகம் அல்ல, தசையில் ஊசி செலுத்தி மாதிரி எடுத்து அளந்த கணக்கு. நானும் நான்கு ஆண்டுகளாகக் குடித்து வருகிறேன். உங்களுக்குப் பலன் தெரியாததற்கு ஒரு ஸ்கூப் போதாமல் இருந்ததே காரணமாக இருக்கலாம், இரண்டாக்கிப் பாருங்கள்.

வாணி_உணவியல்

பளுதூக்கி குறிப்பிட்ட ஆய்வு உண்மையானது, எண்ணும் சரியானது. ஆனால் அந்த ஆய்வில் பிசிஏஏ எதனுடன் ஒப்பிடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று ஒப்பிட்டது சத்தில்லாத பானத்துடன்தான். அதே குழுவினர் அதற்கு முன்பு பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனை 20 கிராம் கொடுத்துச் சோதித்தபோது, வேகம் ஏறக்குறைய இதைப் போல இரண்டு மடங்கு கூடியிருந்தது. இவ்வளவுக்கும் இரண்டிலும் இருந்த லியூசின், ஐசோலியூசின், வாலின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அந்த மூன்றும் சமமாக இருந்தும் பலன் பாதியாகப் போனது எதனால் என்று கேட்டால், இழையின் கேள்விக்கு அங்கேயே விடை கிடைக்கும்.

வீடு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தனாரைக் கூப்பிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லும் குரல்தான் லியூசின். அந்தக் குரல் கேட்டு அவர் வந்துவிட்டார் என்றாலும், செங்கல்லும் மணலும் இருந்தால்தான் சுவர் எழும்பும். தசைப் புரதத்துக்கு உடல் தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது தேவை. டப்பாவில் இருப்பவை மூன்று. மீதி ஆறும் அந்த நேரத்தில் உணவிலிருந்து வரவில்லை என்றால், உடல் தன் தசையையே கொஞ்சம் உடைத்துத்தான் அவற்றை எடுக்க வேண்டும். ஒரு பக்கச் சுவரை இடித்து அந்தச் செங்கல்லைக் கொண்டு இன்னொரு பக்கம் கட்டுவதைப் போன்றது அது. உணவு இல்லாத நிலையில் பிசிஏஏவை மட்டும் நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்த பழைய ஆய்வுகளில் தசை உடைவது குறைந்தது. கூடவே தசை கட்டப்படுவதும் குறைந்தது. ராபர்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 2017-இல் இவற்றையெல்லாம் தொகுத்து, பிசிஏஏ மட்டும் தசையைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே எழுதினார்.

இரண்டு ஸ்கூப்பாக்கும் யோசனையை நான் ஏற்க மாட்டேன். குரலை உரக்கக் கொடுப்பதால் செங்கல் கூடிவிடாது.

இனி முருகுவின் சாப்பாட்டுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துத் தோராயமாகப் போட்டால் காலையில் 10 கிராம் புரதம், மதியம் 20, மாலையில் 3, இரவில் 12. மொத்தம் 45 கிராம். சாதாரணமாக வேலைக்குப் போய் வரும் 64 கிலோ எடையுள்ளவருக்கு இந்தியாவின் பரிந்துரைப்படி கிலோவுக்கு 0.83 கிராம் வீதம் 53 கிராம் வேண்டும். நீங்கள் அதற்கே எட்டவில்லை. பாரம் தூக்கித் தசை கூட்ட நினைப்பவருக்கான கணக்கு வேறு. 49 ஆய்வுகளில் இருந்த 1,863 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வந்த கட்டுரையின்படி, கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை புரதம் கூடக் கூடப் பலன் கூடுகிறது. அதற்கு மேல் சராசரியாகப் பெரிய ஆதாயம் இல்லை. உங்களுக்கு அது நாளொன்றுக்கு 100 கிராம். ஆகவே உங்களுக்குக் குறைவது 55 கிராம் புரதம். டப்பா கொடுத்தது 5 கிராம்; அதுவும் ஒன்பதில் மூன்று வகை மட்டுமே.

பளுதூக்கி

நான் சொன்னதில் பாதியை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அப்படியானால் முருகுவைப் போலப் புரதம் குறைவாகச் சாப்பிடும் சைவ உணவுக்காரருக்குத்தானே பிசிஏஏ அதிகம் தேவைப்படும்? பருப்பிலும் அரிசியிலும் லியூசின் குறைவு என்றுதான் நானும் படித்திருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு வேண்டாம் என்றால் சரி. சாப்பாடு குறைவாக இருப்பவருக்கும் வேண்டாம் என்றால் எப்படி?

வாணி_உணவியல்

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதையே நேராகச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். 25 கிராம் வே புரோட்டீன் ஒரு குழுவுக்கு, வெறும் 6.25 கிராம் இன்னொரு குழுவுக்கு. மற்றவர்களுக்கும் அதே 6.25 கிராம்தான்; ஆனால் அதில் லியூசினைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மொத்த லியூசின் 5 கிராம் வரும்படி சேர்த்தபோது, சிறிய அளவு புரதமும் 25 கிராமுக்கு நிகராக வேலை செய்தது. ஆகவே புரதம் குறைந்த வேளையில் லியூசினுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே லியூசினுடன் ஐசோலியூசினையும் வாலினையும் கூட்டி, அதாவது பிசிஏஏவாகக் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மூன்றும் குடலிலும் தசையிலும் ஒரே வழியாகத்தான் உள்ளே போகின்றன. ஆகவே ஒன்றையொன்று நெருக்கி லியூசினைப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

பருப்பைப் பற்றி ஒரு திருத்தம். பருப்பின் புரதத்திலும் அரிசியின் புரதத்திலும் லியூசின் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு இருக்கிறது. பாலில் அது ஒன்பது, பத்துப் பங்கு. அவ்வளவுதான் வித்தியாசம். சைவச் சாப்பாட்டில் உண்மையான சிக்கல், ஒரு தட்டில் மொத்தப் புரதமே குறைவாக இருப்பதுதான். சோறு மலையாகவும் சாம்பாரில் பருப்பு இருபது கிராமாகவும் இருந்தால் எந்த அமினோ அமிலமும் போதாது. லியூசினை மட்டும் பிரித்துக் குறை சொல்வதில் பொருளில்லை.

தாயுமானவன்

நான் கேட்பது வேறாக இருந்தால் மன்னிக்கவும். என் தந்தைக்குக் கல்லீரல் சுருக்க நோய். வயிற்றில் நீர் கோத்து இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர் பிசிஏஏ பொடியைத்தான் தினமும் இரண்டு வேளை எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அது வீண் என்று தோன்றி, இன்று காலை கொடுக்காமல் விட்டுவிட்டேன். நிறுத்திவிடலாமா?

வாணி_உணவியல்

ஐயா, தயவுசெய்து நிறுத்த வேண்டாம். இன்று மாலையே கொடுத்துவிடுங்கள். நாங்கள் பேசிக்கொண்டிருப்பது நலமாக உள்ளவர் தசை கூட்டுவதற்காக வாங்கும் டப்பாவைப் பற்றி. உங்கள் தந்தையின் நிலை முற்றிலும் வேறு. உடலில் சேரும் அம்மோனியாவை அகற்றும் வேலையைக் கல்லீரல் சரியாகச் செய்யாதபோது தசை அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறது. அந்த வேலைக்கு இந்த மூன்று அமினோ அமிலங்களும் செலவாகி இரத்தத்தில் குறைந்துபோகின்றன. மூளை மயக்கம் உள்ளவர்களுக்கும் வேண்டிய அளவு புரதம் சாப்பிட முடியாதவர்களுக்கும் கல்லீரல் மருத்துவர்கள் இதை மருந்தாகவே தருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்லீரல் நோய் என்றதும் பருப்பையும் முட்டையையும் வீட்டில் நிறுத்திவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இப்போதைய பரிந்துரை அதற்கு நேர்மாறானது; கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். இரவில் படுக்கும் முன் சிறிதளவு உணவும் தரச் சொல்கிறார்கள். உங்கள் தந்தைக்கு எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடற்கரை ஓட்டம்

நான் பாரம் தூக்குபவன் அல்ல, நெடுந்தொலைவு ஓடுபவன். அதிகாலையில் வெறும் வயிற்றில் ஓடும்போது தசை கரையாமல் இருக்க பிசிஏஏ குடிக்கிறேன். மறுநாள் கால் வலி குறைவாக இருப்பதை நான் உணர்கிறேன். இதை யாரும் மறுக்க முடியாது. மாரத்தான் முடிந்ததும் குளூட்டமினும் எடுத்துக்கொள்கிறேன். அதன் பிறகு சளி பிடிப்பது குறைந்திருக்கிறது.

வாணி_உணவியல்

கால் வலியைப் பற்றி உங்களோடு வாதிட மாட்டேன். பிசிஏஏ எடுத்தவர்களுக்கு வலி சற்றுக் குறைந்ததாகச் சில ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் பலவற்றில், கலந்துகொண்டவர்கள் அன்றாடம் எவ்வளவு புரதம் சாப்பிட்டார்கள் என்பதைக் கட்டுப்படுத்தவில்லை. நன்றாகச் சாப்பிடுபவருக்கும் அது குறையுமா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. வெறும் வயிறு என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பிசிஏஏ கிராமுக்கு ஏறக்குறைய நான்கு கலோரி தரும் உணவுதான். லியூசின் இன்சுலினையும் கூட்டும். டப்பாவில் பூஜ்யம் கலோரி என்று எழுதியிருந்தாலும், அதைக் குடித்த பிறகு அது வெறும் வயிறு அல்ல. அதற்குப் பதிலாக ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு ஓடினால் ஒன்பது அமினோ அமிலமும் வந்துசேரும்.

குளூட்டமினைப் பொறுத்தவரை உங்கள் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. நெடுந்தொலைவு ஓடி முடித்ததும் இரத்தத்தில் குளூட்டமின் குறைவது உண்மைதான். நோய் எதிர்ப்புச் செல்கள் அதை எரிபொருளாகக் கொள்வதும் உண்மை. இரண்டையும் சேர்த்து, குடித்தால் எதிர்ப்பு சக்தி நிற்கும் என்று 1990-களில் நம்பினார்கள். பிறகு, குளூட்டமின் கொடுத்து இரத்தத்தில் அதன் அளவைக் குறையாமல் வைத்துப் பார்த்தார்கள். அளவு குறையவில்லை, ஆனால் ஓட்டத்துக்குப் பிறகு எதிர்ப்புச் செல்களில் வரும் மாறுதல்கள் அப்படியேதான் வந்தன. சளி குறைந்ததற்கு உங்கள் தூக்கமோ பருவமோ காரணமாக இருக்கலாம். என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது.

தசைக்கு என்று கேட்டால் விடை இன்னும் தெளிவு. கனடாவில் 31 இளைஞர்களை ஆறு வாரம் பாரம் தூக்க வைத்து, ஒரு பகுதியினருக்குக் கொழுப்பு நீங்கிய உடல் எடையின் கிலோவுக்கு 0.9 கிராம் வீதம் தினமும் குளூட்டமின் கொடுத்தார்கள். முருகுவின் உடம்புக்கு அது நாளொன்றுக்கு 45 கிராமுக்கு மேல் வரும்; கடைக்காரர் சொல்லும் ஐந்து கிராமைப் போல ஒன்பது மடங்கு. மாவுப்பொடி குடித்த மற்றவர்களைவிட அவர்களுக்கு வலுவும் கூடவில்லை, தசையும் கூடவில்லை. வாய் வழியாகப் போகும் குளூட்டமினில் பெரும்பங்கைக் குடலும் கல்லீரலுமே எடுத்துக்கொண்டுவிடுகின்றன. மேலும் தசையே அதை நாள்தோறும் உருவாக்கி இரத்தத்துக்கு அனுப்புகிறது. தசைக்குள் அதை ஊட்ட வேண்டிய நிலை நலமானவருக்கு வருவதில்லை.

செவிலி கிரேஸ்

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியவள் என்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எத்தனை கூடுதலாகக் கொடுத்தாலும் கெடுதல் இல்லை என்று குளூட்டமினைப் பற்றிப் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உயிருக்குப் போராடும் நோயாளிகளுக்கு இரத்தத்தில் அது குறைகிறது என்பதால், நிறையக் கொடுத்தால் பிழைப்பார்கள் என்று நம்பி, பல உறுப்புகள் செயலிழந்த 1,223 நோயாளிகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2013-இல் வந்தது. குளூட்டமின் பெற்றவர்களில் நூற்றுக்கு 37 பேரும், பெறாதவர்களில் 31 பேரும் மருத்துவமனையிலேயே இறந்திருந்தார்கள். நலமாக உள்ளவர் ஐந்து கிராம் குடிப்பதை இதோடு ஒப்பிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இரத்தத்தில் ஒன்று குறைகிறது என்பதாலேயே அதை ஊற்றி நிரப்ப வேண்டும் என்பதில்லை என்று அன்றிலிருந்து எனக்கு மனதில் பதிந்துவிட்டது.

தென்காசி முருகு

அனைவருக்கும் நன்றி. குளூட்டமின் வாங்கவில்லை. 55 கிராம் கூடுதல் புரதத்தை முட்டையும் இறைச்சியும் இல்லாமல் எப்படிக் கொண்டு வருவது என்று வாணி அம்மா சொன்னால் உதவியாக இருக்கும். வே புரோட்டீன் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வாணி_உணவியல்

வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இப்போது சாப்பிடுவதை அப்படியே வைத்துக்கொண்டு நான்கு இடங்களில் மட்டும் கை வையுங்கள். காலையில் இட்லியுடன் 250 மில்லி பால், 8 கிராம். மதியம் பொரியலுக்குப் பதிலாக 50 கிராம் மீல்மேக்கர், 25 கிராம். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் தலா 30 கிராம். இரண்டும் சேர்ந்து 13 கிராம். இரவுக் குருமாவில் 75 கிராம் பனீர், 13 கிராம். கழிவது போகக் கூட்டினால் 100-ஐ ஒட்டி வரும். புரதத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே இந்த மூன்று அமிலங்களும் இருக்கும். 45 கிராம் சாப்பிட்டபோது சுமார் 8 கிராமாக இருந்தவை, இப்போது தாமாகவே 17 கிராமாகிவிடும். நீங்கள் குடித்த டப்பாவின் மூன்று ஸ்கூப்புக்கும் மேல் அது, மீதி ஆறு அமிலங்களோடும் சேர்ந்து.

மீல்மேக்கரில் எல்லாரும் தவறும் இடம் ஒன்று உண்டு. 50 கிராம் என்பது காய்ந்த உருண்டையின் எடை. வெந்நீரில் ஊறினால் அதே உருண்டைகள் 150 கிராம் அளவுக்குப் போய்விடும். ஊறியதை எடை போட்டு 50 கிராம் சாப்பிட்டால் கிடைப்பது எட்டுக் கிராம்தான். தராசில் முதலில் காய்ந்ததைப் போடுங்கள். முதல் வாரம் 25 கிராமோடு தொடங்குங்கள். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும்.

ஆய்வகத்து அருள்

உணவுப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். முருகு பின்னாளில் வே புரோட்டீன் வாங்கினால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆய்வகத்தில் நாங்கள் பொதுவாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. மாதிரியில் உள்ள நைட்ரஜனை அளந்து, 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறோம். குளூட்டமினில் நைட்ரஜன் நூற்றுக்கு 19 பங்கு. ஒரு கிராம் குளூட்டமினைக் கலந்தால் எங்கள் கணக்கில் அது 1.2 கிராம் புரதமாக விழும். கிளைசினும் அப்படித்தான், 1.17 கிராமாக விழும். ஆகவே விலை குறைந்த அமினோ அமிலத்தைக் கலந்து, லேபிளில் புரதத்தைக் கூட்டிக் காட்ட இடம் இருக்கிறது. அமினோ அமில அட்டவணை இருந்தால் லியூசினைப் பாருங்கள். 25 கிராம் புரதத்துக்குச் சுமார் 2.5 கிராம் இருக்க வேண்டும். அது 1.8-ஆகக் குறைந்து, பொருள்களின் பட்டியலில் கிளைசின், டாரின், குளூட்டமின் பெயர்கள் தனியாக வந்தால் அந்த டப்பாவை நான் வாங்க மாட்டேன்.

தென்காசி முருகு (ஏழு வாரம் கழித்து)

முதல் வாரம் வாணி அம்மா எச்சரித்தபடியே வயிறு உப்பியது. குறைத்துக்கொண்டு மெல்லக் கூட்டினேன். மூன்று நாள் எல்லாவற்றையும் தராசில் நிறுத்து எழுதினேன். சராசரி 94 கிராம் வந்தது. உடல் எடை 64-லிருந்து 65.3 ஆகியிருக்கிறது. ஸ்குவாட் 77.5 கிலோ போகிறது. டப்பா எதுவும் வாங்கவில்லை. மீல்மேக்கருக்கு நாளொன்றுக்கு ஏழெட்டு ரூபாய் ஆகிறது.

பளுதூக்கி

மகிழ்ச்சி. என் ஐயம் இன்னும் தீரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். பாலும் பனீரும் கடலையும் புரதத்தோடு நானூறு, ஐந்நூறு கலோரியையும் சேர்த்தே கொண்டு வந்தன. எடை கூடியதற்கு எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது? நானும் என் டப்பா முடிந்ததும் இரண்டு மாதம் வாங்காமல் இருந்து பார்க்கப் போகிறேன். என் சாப்பாட்டைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 78 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 130 கிராம் புரதம் ஏற்கெனவே வருகிறது.

வாணி_உணவியல்

முருகுவின் ஒருவர் கணக்கை வைத்துப் பிரிக்க முடியாது. நீங்கள் சொல்வது சரி. அவருக்குக் கலோரியும் குறைவாகத்தான் இருந்திருக்கும். உங்களுடையது நல்ல சோதனை, ஏனெனில் உங்களிடம் புரதம் ஏற்கெனவே நிறைவாக இருக்கிறது. சாப்பாட்டையும் பயிற்சியையும் மாற்றாமல் டப்பாவை மட்டும் நிறுத்துங்கள். தூக்கும் எடையை வாரந்தோறும் எழுதி வாருங்கள். கால் வலியையும் பத்துக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து இதே இழையில் பார்க்கலாம்.

தாயுமானவன்

அன்று மாலையே தந்தைக்குப் பொடியைக் கொடுத்துவிட்டேன். அடுத்த முறை மருத்துவரைப் பார்த்தபோது புரதம் பற்றிக் கேட்டேன். பருப்பையும் தயிரையும் மீண்டும் தொடங்கச் சொல்லி, இரவு ஒன்பதரைக்கு ஒரு கிண்ணம் சத்துமாவுக் கஞ்சியும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.